கன்னக்குழி, பழுப்புப் புள்ளி, மச்சம்: தோலோடு ஒட்டும்படி கிம்பில் சேர்க்கும் முறை

ஒரு குறும்படத்தின் சுவரொட்டிக்கு இரண்டு முகப் படங்கள். கதையில் வரும் பெண்ணுக்கு மூக்கிலும் கன்னத்திலும் பழுப்புப் புள்ளிகள், மேலுதட்டுக்கு மேல் ஒரு மச்சம், சிரித்தால் ஒரு கன்னக்குழி. நடித்தவர் முகத்தில் இவை எதுவும் இல்லை. படப்பிடிப்பில் ஒப்பனையாக வைத்தவை இந்த இரண்டு படங்களில் மட்டும் விடுபட்டுவிட்டன. அவற்றை கிம்ப் 3.0-இல் சேர்த்த வேலையின் பதிவு இது. வேறு மென்பொருளிலும் முறை இதேதான். பட்டியல்களின் பெயர்தான் மாறும்.

புள்ளி என்று இங்கே சொல்வது ஃப்ரெக்கிள்ஸ் எனப்படும் சிறு பழுப்புப் புள்ளிகளை. தேமலும் மங்கும் வேறு. தேமலில் தோல் திட்டுத்திட்டாக வெளுக்கும், மங்கில் பரந்த கருமை படரும். இரண்டையும் இந்த முறையில் வரைந்தால் சரியாக வராது.

தூரிகையை எடுப்பதற்கு முன்பு ஒன்று தெளிவாக இருக்க வேண்டும். பழுப்புப் புள்ளி வெறும் நிறம். அதற்கு மேடு பள்ளம் கிடையாது. கன்னக்குழி வெறும் வடிவம். அதற்குத் தனி நிறம் கிடையாது. மச்சம் நிறமும் வடிவமும் சேர்ந்தது. மூன்றையும் ஒரே லேயரில், ஒரே பழுப்பு நிறத்தில் வரைவதால்தான் பெரும்பாலான படங்களில் அவை முகத்தின் மேல் தனியாக மிதக்கின்றன.

முதல் படம் இப்படி: முகம் முக்கால்வாசி திரும்பியிருக்கிறது, வாய்விட்ட சிரிப்பு, ஒளி படத்தின் இடது மேல் மூலையில் இருந்து வருகிறது. இடப்பக்கக் கன்னம் நமக்கு அருகில், நல்ல வெளிச்சத்தில். வலப்பக்கக் கன்னம் திரும்பி, நிழலில் பாதி மறைந்திருக்கிறது.

அளவு எடுத்தல்

ஒரு மில்லிமீட்டர் இந்தப் படத்தில் எத்தனை பிக்சல் என்று தெரியாமல் புள்ளி வைத்தால், ஒன்று அம்மைத் தழும்பு போலப் பெரிதாகும், இல்லை கேமராவின் இரைச்சல் போலப் பொடியாகும். முகத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. கண்ணின் கருவிழி வட்டம் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஏறத்தாழ 11.5 முதல் 12 மி.மீ. அகலம்தான். கண் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தால், முகம் திரும்பியிருந்தாலும் இந்த அளவை நம்பலாம். `Measure` கருவியால் அருகில் உள்ள கண்ணின் கருவிழியைக் கிடையாக அளந்ததில் 118 பிக்சல் வந்தது. ஆக, ஒரு மி.மீ. சுமார் 10 பிக்சல்.

இனி எல்லாவற்றையும் மி.மீ. கணக்கில் யோசிக்கலாம். புள்ளிகள் பெரும்பாலும் 1 முதல் 2 மி.மீ., சில 3 வரை. மச்சத்துக்கு 3 மி.மீ. போதும். கன்னக்குழி 8 முதல் 10 மி.மீ. உயரம், 3 அல்லது 4 மி.மீ. அகலம்.

கன்னக்குழி முதலில்

வடிவத்தை மாற்றும் வேலை முதலில் முடிய வேண்டும். புள்ளிகளை வைத்துவிட்டுப் பிறகு தோலை நகர்த்தினால் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டிவரும்.

கன்னக்குழி எங்கே விழும் என்பதை உடற்கூறு சொல்கிறது. கன்ன எலும்பிலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் தசைதான் சிரிக்கும்போது வாயை மேலே இழுப்பது. அந்தத் தசை சிலருக்கு இரண்டு கிளையாகப் பிரிந்திருக்கும். அங்கே தோல் உள்ளே பிணைந்திருப்பதால் சிரிக்கும்போது குழி விழுகிறது. இடத்தைக் கண்டுபிடிக்க, கண்ணின் வெளியோரத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடும் வாயோரத்திலிருந்து கிடையாக ஒரு கோடும் இழுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தை ஒட்டித்தான் குழி இருக்கும். முகம் திரும்பியோ சாய்ந்தோ இருந்தால் கோடுகளையும் முகத்தோடு சேர்த்துத் திருப்ப வேண்டும், படச் சட்டத்தோடு அல்ல. மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் சிரிப்புக் கோட்டுக்கு வெளியே குழி இருக்கட்டும். அந்தக் கோட்டின் மேலேயே விழுந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அது சுருக்கமாகத்தான் தெரியும்.

மூலப் படத்தை நகலெடுத்து அந்த லேயருக்கு `thol` என்று பெயர் வைத்தாயிற்று. `Warp Transform` கருவியில் `Shrink area`, `Size` 90, `Strength` குறைவாக. குறித்த இடத்தில் இரண்டு மூன்று தட்டு போதும். தோலின் துளைகள் நடுவை நோக்கிச் சற்று நெருங்கினால் சரி. துளைகள் சுழி போல வளைந்து தெரிந்தால் அதிகம். `Enter` அழுத்தினால்தான் மாற்றம் பதியும்.

அடுத்து நிழல். கறுப்பை எடுத்துப் பூசினால் கன்னத்தில் கரி ஒட்டியது போலாகிவிடும், ஏனென்றால் தோலின் நிழல் சாம்பல் நிறம் அல்ல. தோலுக்குள் புகுந்து சிதறி வரும் ஒளியால் அது செம்மை கலந்த பழுப்பாக இருக்கும். ஆகவே தோலையே நிழலாக்குவது நல்லது. `thol` லேயரை இரண்டு முறை நகலெடுங்கள். ஒன்றை `Colors > Curves` மூலம் இருட்டாக்குங்கள்: நடுப்புள்ளி 128-ஐ 100-க்கு இறக்கினால் போதும். மற்றதை வெளிச்சமாக்குங்கள்: 128-ஐ 145-க்கு ஏற்றுங்கள். இரண்டுக்கும் `Layer > Mask > Add Layer Mask` வழியாக முழுக்கறுப்பு மாஸ்க் சேர்த்தால் இரண்டும் மறைந்துவிடும். பிறகு மாஸ்க்கில் மென்மையான வெள்ளைத் தூரிகையால், `Opacity` 12 அளவில், தேவையான இடத்தில் மட்டும் மெல்ல மெல்ல வெளியே கொண்டுவரலாம்.

எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம் என்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். குழி என்பது பள்ளம். ஒளி இடது மேலிருந்து வந்தால், பள்ளத்தின் இடது மேல் சுவர் ஒளிக்கு முதுகைக் காட்டுகிறது, அது இருட்டு. வலது கீழ்ச் சுவர் ஒளியை நேரே வாங்குகிறது, அது வெளிச்சம். இதை மாற்றிப் போட்டால் கன்னத்தில் குழிக்குப் பதில் ஒரு பரு எழும்பிவிடும். சந்தேகம் இருந்தால் அதே படத்தில் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள சிறு பள்ளத்தைப் பாருங்கள். ஒளி அதன் எந்தச் சுவரில் விழுகிறதோ அதே பக்கச் சுவரில்தான் குழியிலும் விழ வேண்டும்.

வடிவம் வட்டமாக வேண்டாம். சற்று வளைந்த, நிமிர்ந்த பிறை போல இருக்கட்டும். இருட்டுப் பிறையின் உள்விளிம்பு கொஞ்சம் அழுத்தமாக, வெளிவிளிம்பு கன்னத்தில் கரைந்துபோவதாக. ஆழமான இடத்தில் பக்கத்துத் தோலைவிட 12 முதல் 15 விழுக்காடு இருட்டு இருந்தால் போதுமானது. 25-ஐத் தாண்டினால், விளிம்பும் கூர்மையாக இருந்தால், அது பழைய வெட்டுக்காயத் தழும்பாக வாசிக்கப்படும். இந்தப் படத்தில் முதல் முயற்சி அப்படித்தான் ஆனது. மாஸ்க்கை 6 பிக்சல் `Gaussian Blur` செய்து, லேயரின் `Opacity`-ஐ 70-க்கு இறக்கியதும் குழியாயிற்று.

புள்ளியின் நிறம் ஒரு விகிதம்

எந்தப் பழுப்பை எடுப்பது என்று நிறப்பெட்டியில் தேட வேண்டியதில்லை. புள்ளியில் இருப்பது கூடுதல் மெலனின். அது தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கை விழுங்குகிறது, நீலத்தை அதிகமாக, சிவப்பைக் குறைவாக. நமக்கு வேண்டியது அந்தப் பங்குதான். பங்கு கிடைத்துவிட்டால் வெளிச்சத்தில் இருக்கும் கன்னத்திலும் நிழலில் இருக்கும் கன்னத்திலும் அதே நிறம் தானாகப் பொருந்தும்.

நடித்தவரின் கழுத்தில் இயற்கையாகவே ஒரு சிறு பழுப்புப் புள்ளி இருந்தது. `Color Picker`-இல் `Sample average` வைத்து எடுத்ததில் பக்கத்துத் தோல் 170, 120, 92. புள்ளி 136, 84, 55. ஒவ்வொன்றையும் வகுத்தால் 0.80, 0.70, 0.60. இவற்றை 255-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 204, 178, 152. இதுதான் தூரிகையின் நிறம். தனியாகப் பார்த்தால் வெளிறிய சந்தன நிறம். இது எப்படிப் புள்ளியாகும் என்று தோன்றும். புள்ளிக்கென எடுத்த தனி லேயரின் `Mode`-ஐ `Multiply` ஆக்கியதும் தோலோடு பெருகிச் சரியான பழுப்பாகிறது. தோலின் துளைகளும் கோடுகளும் அடியில் அப்படியே தெரிவதும் இந்த முறையால்தான்.

படத்தில் மாதிரிக்குப் புள்ளியே இல்லை என்றால், வெளுத்த தோலுக்கு இதே விகிதத்தில் தொடங்கலாம். மாநிறத்துக்கு இது அதிகம், 0.88, 0.82, 0.76 அளவில் தொடங்குவது நல்லது. கருத்த தோலில் இத்தகைய புள்ளிகள் அவ்வளவாகத் தெரியாது, வலிந்து தெரிய வைத்தால் சேறு தெறித்தது போலிருக்கும். அந்த முகத்துக்கு மச்சம் ஒன்றே அழகு.

புள்ளிகளை இடுதல்

வெயில் படும் இடத்தில்தான் புள்ளி வரும். மூக்குத் தண்டு, கன்னத்தின் மேற்பகுதி, கொஞ்சம் நெற்றி. மூக்கின் அடிப்பக்கம், கண் இமை மடிப்பு, தாடையின் கீழ் ஆகிய இடங்களை வெறுமையாக விடுங்கள். இந்த ஒரு காரியமே பாதி நம்பகத்தைத் தந்துவிடும்.

கை தன்போக்கில் புள்ளி வைத்தால் ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் வைக்கும், கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பழகிய கை என்றால் கேட்கவே வேண்டாம். தோலில் அப்படி இருக்காது. ஓரிடத்தில் ஐந்தாறு கூட்டமாக இருக்கும், பக்கத்திலேயே விரல் நுனி அளவு இடம் காலியாக இருக்கும். அதனால் முதலில் 25 பிக்சல் அளவில் எட்டுப் பத்துப் பெரிய புள்ளிகளை மட்டும், தூரிகையின் `Opacity` 40 வைத்து, ஒழுங்கில்லாமல் இட்டோம். பிறகு அவற்றைச் சுற்றி 12 முதல் 18 பிக்சலில் முப்பது நாற்பது. கடைசியாக 7, 8 பிக்சலில் பொடிப் புள்ளிகள், எண்பது வரை. இந்த இரண்டு சுற்றிலும் `Opacity`-ஐ 30-இலிருந்து 90 வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தூரிகையின் `Hardness` 60. பெரிய புள்ளிகளை ஒரே தட்டில் வைக்காமல், சற்றே விலகிய இரண்டு மூன்று தட்டுகளாக வைத்தால் விளிம்பு வட்டமாக இராது.

`Apply Jitter` வைத்து ஒரே இழுப்பில் தெளிப்பது வேகம்தான். ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியாகத் தூவுகிறது, முகத்தில் மணல் ஒட்டியது போலிருக்கிறது. பொடிப் புள்ளிச் சுற்றுக்கு மட்டும், சிறு சிறு இடமாகப் பயன்படுத்தலாம்.

முகம் வளைந்து திரும்பும் இடங்களில் புள்ளியும் திரும்ப வேண்டும். நமக்கு நேராக இருக்கும் தோலில் வட்டமாகத் தெரியும் புள்ளி, 60 பாகை திரும்பிய தோலில் பாதி அகலமே தெரியும், உயரம் குறையாது. புள்ளிகளின் இடைவெளியும் அதே அளவு நெருங்கும். நிழல்பக்கக் கன்னத்துக்குப் போகும்போது தூரிகையின் `Aspect Ratio`-வை மாற்றி, அகலம் உயரத்தில் பாதி ஆகும்வரை ஒடுக்கினோம். `Angle`-ஐ அந்தக் கன்னத்தின் விளிம்புக்கு இணையாகத் திருப்பினோம். மூக்கின் பக்கச்சுவர் தனித் தளம். அதற்குக் கோணம் வேறு. கன்னத்தின் வெளிவிளிம்பை ஒட்டிய இடத்தில் புள்ளிகள் மெல்லிய கோடுகளாகவே தெரியும். அங்கே ஒரு வட்டப் புள்ளி வைத்தால்கூட முகம் தட்டையாகிவிடும்.

பளபளப்பு புள்ளிக்கு மேலே

இவ்வளவும் செய்தபின் மூக்கு நுனியில் மட்டும் ஏதோ ஒட்டவில்லை. புள்ளிகள் அங்கே மையால் வைத்தவை போல் தெரிந்தன. காரணம், அந்தப் பளபளப்பு தோலின் எண்ணெய்ப் பசையில் பட்டு மேற்பரப்பிலிருந்தே திரும்பி வரும் ஒளி. புள்ளியோ அதற்கு அடியில், தோலுக்குள் இருக்கிறது. ஆகவே பளபளப்பைப் புள்ளி இருட்டாக்க முடியாது. `Multiply` இந்த வேறுபாட்டை அறியாமல் இரண்டையும் சேர்த்தே இருட்டாக்கிவிடுகிறது.

இதற்கு மாஸ்க் தேவை. புள்ளி லேயருக்கு ஒரு வெள்ளை மாஸ்க் சேர்த்து, `thol` லேயரை `Ctrl+C` எடுத்து, மாஸ்க்கின் சிறுபடத்தைச் சொடுக்கிவிட்டு `Ctrl+V`, பிறகு `Ctrl+H`. இப்போது மாஸ்க்கில் முகத்தின் கறுப்பு-வெள்ளைப் பிரதி இருக்கும். `Colors > Invert` செய்தால் பளபளப்பு கறுப்பாகும். கடைசியாக `Colors > Levels`-இல் உள்ளீட்டின் கறுப்பு முனையை 15-க்கும் வெள்ளை முனையை 55-க்கும் கொண்டுவருங்கள். இதன் பொருள்: மூலத்தில் 200-க்குக் கீழ் உள்ள தோல் முழுவதிலும் புள்ளி முழுமையாகத் தெரியும், 240-க்கு மேல் உள்ள பளபளப்பில் மறைந்துவிடும், நடுவில் படிப்படியாகக் குறையும். இந்தப் பெண்ணின் வெளிச்சக் கன்னம் கறுப்பு-வெள்ளையில் 150-ஐ ஒட்டி இருந்ததால் கன்னத்துப் புள்ளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மூக்கு நுனியில் மட்டும் அவை பளபளப்புக்கு அடியில் போய்விட்டன. மிக வெளுத்த முகத்தில் தோலே 200-ஐத் தாண்டலாம். அப்போது இந்த இரண்டு எண்களையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

கூர்மையையும் ஒப்பிட வேண்டும். அருகில் உள்ள கண்ணின் இமை மயிர் எவ்வளவு கூர்மையோ அதைவிடக் கூர்மையாகப் புள்ளி இருக்கக் கூடாது. புள்ளி லேயருக்கு 1 பிக்சல் `Gaussian Blur` கொடுத்தோம். நிழல்பக்கக் கன்னம் குவியத்துக்கு வெளியே இருந்ததால் அங்குள்ளவற்றைத் தனியே தேர்ந்தெடுத்து இன்னொரு 2 பிக்சல்.

மச்சம்

இதற்கும் விகிதம்தான், ஆனால் ஆழமானது: 0.45, 0.35, 0.30. தூரிகையின் நிறமாக 115, 89, 77. தனி லேயர், `Multiply`. 30 பிக்சல் அகலம், சற்றே நீள்வட்டம், விளிம்பு 3 பிக்சல் அளவுக்குக் கரைய வேண்டும். நடு முழுவதும் ஒரே கருமையாக இராமல் ஓரமாக ஓரிடம் கொஞ்சம் அழுத்தமாக இருக்கட்டும். கூர்மையான விளிம்பும் சீரான கருமையும் சேர்ந்தால் அது ஸ்டிக்கர் பொட்டு. குழந்தையின் கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டை யாரும் மச்சம் என்று நினைப்பதில்லை அல்லவா, அதே காரணம்தான்.

தட்டையான மச்சமானால் வேலை இத்தோடு முடிந்தது. இங்கே லேசாக மேடு தேவைப்பட்டது. மேடு என்பதால் குழிக்கு நேர்மாறு: இடது மேலே வெளிச்சம், வலது கீழே இருட்டு. மேலே ஐந்தாறு பிக்சலில், 25 விழுக்காட்டில் ஒரு வெளிர்ப் பொட்டு. அதை `Multiply` லேயருக்கு மேலே சாதாரண லேயரில் வையுங்கள், ஏனென்றால் பளபளப்பு நிறத்துக்கு மேலே இருப்பது. கீழே, மச்சத்துக்கு வெளியே தோலில், 4 பிக்சல் அகலத்தில் மெல்லிய நிழல்; கன்னக்குழிக்குச் செய்த இருட்டு நகலின் மாஸ்க்கிலேயே இதையும் வரையலாம். ஒரே முகத்தில் குழியும் மச்சமும் எதிரெதிராக ஒளி வாங்குவதுதான் இரண்டையும் நம்ப வைக்கிறது.

இரண்டாவது படம்

அதே பெண், சிரிக்காமல், எதிர்ப்பக்கம் சற்றுத் திரும்பி. இங்கே கன்னக்குழி வரையக் கூடாது. தசை இழுக்காதபோது பெரும்பாலோருக்குக் குழி தெரியாது. புள்ளிகளும் மச்சமும் அதே இடத்தில் இருக்க வேண்டும். ஆனால் முதல் படத்து மி.மீ. கணக்கை அப்படியே கொண்டுவந்தால் தவறும், ஏனென்றால் சிரிப்பில் வாயோரம் மேலும் வெளியேயும் போய், மூக்கோரத்துக்கும் வாயோரத்துக்கும் இடையிலான தூரமே மாறியிருக்கிறது. அதனால் தூரத்தை விட்டுப் பங்கைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் படத்தில் மச்சம், வாயோரத்திலிருந்து மூக்கோரத்துக்குப் போகும் கோட்டில் மூன்றில் ஒரு பங்கு தொலைவில் இருந்தது. இரண்டாவது படத்திலும் அதே கோட்டை இழுத்து, அதே மூன்றில் ஒரு பங்கில் வைத்தோம்.

புள்ளிகளுக்கு, முதல் படத்தின் பெரிய எட்டுப் பத்தை மட்டும் இப்படி இடம் பார்த்து வைத்தால் போதும். பார்ப்பவர் நினைவில் நிற்பது அவைதான். பொடிப் புள்ளிகளைப் புதிதாகவே தூவலாம். முதல் படத்தில் நிழலில் ஒடுங்கியிருந்த கன்னம் இப்போது நேராக வருகிறது, அதனால் அங்கே புள்ளிகள் விரிந்து வட்டமாகும். ஏற்கெனவே வரைந்த ஒடுங்கிய புள்ளிகளை வெட்டி ஒட்டினால் அவை நீளக் கீறல்களாகத் தெரியும்.

இரண்டாவது படத்தை முடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மச்சம் இருக்கும் பக்கம் வகிட்டோடு பொருந்தவில்லை. தவறு வரைந்ததில் இல்லை. அது கைபேசியின் முன்கேமராவில் எடுத்து, கண்ணாடிப் பிம்பமாகவே சேமித்த படம். தலைமுடி வகிடும், சட்டைப் பொத்தானின் பக்கமும் மாறியிருந்ததை வைத்துத் தெரிந்தது. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதப்படுவது மச்சம். அது பக்கம் மாறினால் ஆளே மாறிவிடுவார். வேலை தொடங்கும் முன்பே வகிடு, பொத்தான், பின்னணியில் எழுத்து ஏதும் இருந்தால் அதையும் பார்த்து, திரும்பியிருந்தால் `Image > Transform > Flip Horizontally` செய்துகொள்ளுங்கள். வரைந்தபின் திருப்பினால் மச்சமும், முதல் படத்தோடு ஒப்பிட்டு வைத்த பெரிய புள்ளிகளும் எதிர்ப்பக்கம் போய்விடும். அவற்றை மறுபடி இட வேண்டியதாயிற்று.